அவர் சொன்னது அதே வார்த்தையா?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: மேலாளர் மூன்று வாரத்துக்கு முன் தன்னிடம் பேசியதை வைத்துப் புகார் எழுத வேண்டும், அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதச் சொல்கிறார்கள், அது முடியுமா? முழுக்க முடியாது. ஆனால் எது நினைவில் நிற்கும், எது கரைந்துபோகும் என்று தெரிந்தால், எழுதக்கூடியது நாம் நினைப்பதைவிட அதிகம்.

1967இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒருவருக்குச் சிறு பத்தி ஒன்றைப் படித்துக் காட்டி, நடுவில் நிறுத்தி, முன்பு கேட்ட ஒரு வாக்கியத்தைத் திரும்பக் கொடுத்து, அது அப்படியே இருக்கிறதா மாறியிருக்கிறதா என்று கேட்பார். வாக்கியம் முடிந்த உடனே கேட்டால் எந்த மாற்றத்தையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். இடையில் 80 அசை அளவுக்குப் பேச்சு போய்விட்டால், அதாவது அரை நிமிடம்கூட ஆகாது, கதை மாறிவிட்டது. 'அவர் கலிலியோவுக்குக் கடிதம் அனுப்பினார்' என்பதை 'கலிலியோ அவருக்கு அனுப்பினார்' என்று திருப்பினால் அப்போதும் பெரும்பாலும் பிடித்தார்கள். 'கலிலியோவுக்குக் கடிதம் அனுப்பப்பட்டது' என்று மாற்றினால் பெரும்பாலும் தெரியவில்லை. மூளை வாக்கியத்தைப் பொருளாக்கி எடுத்துக்கொண்டு, வார்த்தைகளை உதறிவிடுகிறது. அப்புறம் நாம் திரும்பச் சொல்லும்போது, அந்தப் பொருளுக்குப் புதிதாக வாக்கியம் கட்டுகிறோம். கட்டுகிறோம் என்பது நமக்கே தெரியாது, அதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம்.

விதிவிலக்கு உண்டு. 1977இல் கீனன் என்ற உளவியலாளரின் குழுவினர் இயல்பான ஓர் உரையாடலைப் பதிவுசெய்து, ஒரு நாளுக்கும் மேல் கழித்துச் சோதித்தபோது, வெறும் தகவல் சொன்ன வாக்கியங்களின் வார்த்தைகள் மறந்திருந்தன, ஆனால் கேலியும் குத்தலுமாகச் சொன்னவற்றில் அசல் எது, அதே பொருளில் மாற்றி எழுதியது எது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. சுருக்கென்று தைத்த வாக்கியம் தப்பிப் பிழைக்கலாம்.

இப்போது, தன்னை விலகல் கடிதம் தரச் சொன்னதைப் பற்றிய வாசகியின் வரைவுக்கு வருவோம். “'இந்த மாசத்துக்குள்ள நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, இல்லன்னா நான் எழுத வேண்டி வரும்' என்று மிரட்டினார்.” சரி, இதைப் பிரித்துப் பார்த்தோம்.

'நான் எழுத வேண்டி வரும்' என்பது எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டேன். “நான் உடனே 'என்ன எழுதுவீங்க?'ன்னு கேட்டேனே” என்றார். அருமை, ஏனென்றால் அவருடைய கேள்வியே அந்த வார்த்தையைப் பிடித்து வைத்திருக்கிறது. மேலாளர் 'அனுப்பிடுவேன்' என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. நாம் என்ன பதில் சொன்னோம் என்பதை முதலில் நினைவுகூர்வது இதனால்தான் உதவும். அதுவும் நினைவுதான், அதையும் பிறகு சீர்செய்திருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவது ஒரு பிடி.

'இந்த மாசத்துக்குள்ள' என்பதில் தடுமாறினார். 'மாசக் கடைசிக்குள்ள' என்றிருந்தாலும் தனக்கு வித்தியாசமாகப் பட்டிருக்காது என்றார். மாற்றுச் சொல்லைப் போட்டுப் பார்த்து உறுத்துகிறதா என்று கேட்பது சாக்ஸின் சோதனையை நம்மீதே நடத்துவது மாதிரி. ஒருமுறை போதும், பலமுறை போட்டுப் பார்த்தால் மாற்றும் பழகிப்போய் உண்மைபோல் தோன்ற ஆரம்பித்துவிடும். பிறகுதான், மேலாளர் பேசியதற்கு மறுநாள் வந்த மின்னஞ்சலில் அந்தத் தேதி இருந்தது தெரிந்தது. கெடு அங்கிருந்து வந்து பேச்சுக்குள் உட்கார்ந்திருக்கலாம். எங்கே கேட்டோம் என்பது விஷயத்தைவிடச் சீக்கிரம் கழன்றுவிடும். உடன் இருந்தவரோடு பேசிவிட்டு எழுதினால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும், அதனால் முதல் பிரதியைத் தனியாக எழுதித் தேதி போட்டு, திருத்தாமல் வைத்துக்கொண்டு, பிறகு நினைவுக்கு வருவதை அன்றைய தேதியுடன் கீழே சேர்ப்பது நல்லது.

'மிரட்டினார்' என்பது நினைவே அல்ல, வாசகி செய்த முடிவு. மேலாளரின் குரல் தாழ்ந்திருந்ததா, எழுந்து நின்றாரா என்பதை எழுதலாம்.

தமிழில் இன்னொரு வழுக்கல். 'வருவேன் என்று சொன்னார்' என்றால் அவருடைய வார்த்தையா, நம்முடைய வார்த்தையா என்று 'என்று' காட்டிக் கொடுக்காது. பேச்சில் அது வசதி, வாக்குமூலத்தில் தொல்லை. ஆகவே உறுதியானதற்கு மட்டும் மேற்கோள் குறி, மற்றதற்கு 'என்னும் பொருள்படச் சொன்னார்'. சந்தேகத்தைக் குறித்துவைப்பவரைத் தடுமாறுகிறார் என்று நினைப்பதும், மூச்சுவிடாமல் ஒப்பிப்பவரை நம்புவதும் எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். நாக்கு சரளமாக இருப்பதற்கும் நினைவு சரியாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில் அவர் எழுதியது இது:

“நானே விலகல் கடிதம் தர வேண்டும் என்னும் பொருள்பட மேலாளர் சொன்னார், சரியான வார்த்தைகள் நினைவில்லை. அதன்பின் 'இல்லன்னா நான் எழுத வேண்டி வரும்' என்றார். இது உறுதி, நான் 'என்ன எழுதுவீங்க?' என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கெடு ஏதும் அப்போது சொன்னாரா என்று உறுதியில்லை, மறுநாள் மின்னஞ்சலில் தேதி இருந்தது.”