பூஜ்ஜிய விலகல் எப்படி 55 ஆகும்?

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். போன வாரம் ஒரு பையன், எங்கிருந்தோ கிடைத்த தமிழ்ப் பாடக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "சார், பூஜ்ஜிய விலகல்னு போட்டிருக்கு. பக்கத்துல 55னு இருக்கு. பூஜ்ஜியம்னா பூஜ்ஜியமாத்தானே இருக்கணும், இது இன்னா சார்?"

இதே கேள்வி என்னிடம் வருவது நாலாவது முறை. நாலு முறையும் கேட்டவர்மேல் தப்பில்லை. தப்பு அந்தச் சொல்மேல். ஆர் மொழியில் `glm` ஓட்டினால் கடைசியில் வரும் `Null deviance`, `Residual deviance` என்ற இரண்டு வரிகளைத்தான் 'பூஜ்ஜிய விலகல்', 'எச்ச விலகல்' என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'டே' என்றால் விட்டு, 'வியா' என்றால் வழி. வழியை விட்டுப் போவது. அதிலிருந்து வந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் டீவியேஷன், டீவியன்ஸ். முதலாவது புள்ளியியலில் பழையது. இரண்டாவதைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தவர்கள் ஜான் நெல்டரும் ராபர்ட் வெட்டர்பர்னும். 1972இல் பொதுமைப்படுத்திய நேரியல் மாடல்களைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையோடு அது புழக்கத்துக்கு வந்தது. பழைய சொல் கையருகே இருந்தும் அதை எடுக்காமல் வேறு சொல்லை எடுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் அளக்க வந்தது வேறு பொருள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் படித்த எந்தப் பிள்ளைக்கும் 'விலக்கம்' என்றால் என்னவென்று தெரியும். சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. அதை வைத்துத்தான் திட்ட விலக்கம், அதை வைத்துத்தான் விலக்க வர்க்கச் சராசரி. அந்தப் பிள்ளையிடம் போய் 'விலகல் 55' என்று சொன்னால் மனசுக்குள் ஒரு சராசரியும் அதிலிருந்து ஒரு தூரமும்தான் வரும். அப்புறம் "55 என்ன அலகு சார், அடியா, சதவீதமா?" என்று கேட்பான். கேட்கத்தான் வேண்டும்.

அந்தப் பையனுக்காகப் பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தில் ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, மூணு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைக்குத் தண்ணீர் உள்ளே வருமா வராதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கணக்குக்காக நானே எண்களை வைத்துக்கொண்டேன்: ரோட்டைவிடத் தாழ்ந்த 20 வீடுகளில் 15இல் தண்ணீர் புகுந்தது, உயர்ந்த 20 வீடுகளில் 5இல் புகுந்தது.

```r
pallam <- rep(c(1, 0), each = 20)
thanni <- c(rep(1, 15), rep(0, 5), rep(1, 5), rep(0, 15))
m <- glm(thanni ~ pallam, family = binomial)
summary(m)
```

கடைசியில் வருவது:

```
    Null deviance: 55.452  on 39  degrees of freedom
Residual deviance: 44.987  on 38  degrees of freedom
```

முதல் வரியைக் கையாலேயே போட்டுவிடலாம். வீடு பள்ளமா மேடா என்று எதுவும் தெரியாத ஆள் என்ன சொல்வான்? 40 வீட்டில் 20இல் புகுந்திருக்கிறது, ஆக எல்லா வீட்டுக்கும் 0.5 என்பான். ஒவ்வொரு வீட்டிலும் நிஜமாக நடந்ததற்கு அவன் கொடுத்திருந்த நிகழ்தகவை எடுத்து, இயல் மடக்கை போட்டு, −2ஆல் பெருக்க வேண்டும். 0.5க்கு அது 1.386. 40 வீட்டுக்கும் கூட்டினால் 55.452. இதில் சராசரியிலிருந்து தூரம் என்று எதுவும் இல்லை, அலகும் இல்லை. பூஜ்ஜியமாக இருப்பது அந்த ஆளின் கையில் உள்ள தகவல்தான்.

இரண்டாவது வரி, பள்ளம் மேடு தெரிந்த ஆளுடையது. தாழ்ந்த வீட்டுக்கு 0.75 என்கிறான். புகுந்த 15 வீடுகளில் நடந்ததற்கு அவன் 0.75 கொடுத்திருந்தான், ஆக வீட்டுக்கு 0.575. புகாத 5 வீடுகளில் நடந்ததற்கு அவன் கொடுத்தது 0.25தான், ஆக வீட்டுக்கு 2.773. இந்த இருபதும் சேர்த்து 22.493. உயர்ந்த இருபதும் கண்ணாடியில் பார்த்தமாதிரி அதே 22.493. மொத்தம் 44.987, திரையில் இருப்பது அதுவே.

'விலகல்' ஏன் தவறு என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும். புகாத ஒரு வீட்டுக்கு ஒருவன் 0.99 என்று சொல்லியிருந்தால் அபராதம் 9.21. அவனே 0.999 என்று சொல்லியிருந்தால் 13.8. தூரமாகப் பார்த்தால் 0.99க்கும் 0.999க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒன்றுமில்லை. அபராதமோ பாதிக்குப் பாதி ஏறிவிட்டது. நடந்த ஒன்றை நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொன்னதற்கான தண்டனை அது. தூரத்தைக் குறிக்கும் சொல்லால் இதைச் சொல்லவே முடியாது.

'பிறழ்வு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது சமூகவியல் அகராதியிலிருந்து அப்படியே தூக்கி வந்தது. ஊர் ஒழுங்கை மீறி நடப்பவரைக் குறிக்க அங்கே அந்தச் சொல் சரி. வடசென்னையைப் பற்றி எழுதும்போது அந்த மாதிரிச் சொற்களை எங்கள்மேல் ஏற்கனவே நிறையவே ஒட்டியாயிற்று. தண்ணீர் புகுந்த வீட்டுக் கணக்கிலும் அது வேண்டாம்.

சரி, நான் என்ன சொல்கிறேன்? 'பொருத்தக்குறை'. முதல் வரிக்கு 'தொடக்கப் பொருத்தக்குறை', இரண்டாவதற்கு 'மிச்சப் பொருத்தக்குறை'. 55.452 குறையோடு தொடங்கினோம், பள்ளம் மேடு தெரிந்ததில் 10.465 தீர்ந்தது, 44.987 மிச்சம் நிற்கிறது. மளிகைக் கடை நோட்டு மாதிரி யாருக்கும் புரியும்.

இதற்கு ஒரு நண்பர் மறுப்புச் சொன்னார். குறை என்றாலும் 'எதிலிருந்து' என்ற கேள்வி வருமே, விலகல் என்றாலும் அதே கேள்விதானே என்றார். நல்ல மறுப்பு. ஆனால் விலகலுக்குப் பதில் பள்ளியிலேயே மனப்பாடமாகிவிட்டது: சராசரியிலிருந்து. குறைக்கு அப்படி ஒரு தயார் பதில் இல்லை, தேடிப் பார்க்க வேண்டும். தேடினால் சரியான பதில் கிடைக்கும்: தரவில் உள்ள ஒவ்வொரு வரியையும் அப்படியே சொல்லிவிடும் மாடலிலிருந்து குறை. வேதியியலில் தெவிட்டிய கரைசல் என்பார்களே, அதே ஆங்கிலச் சொல்லைத்தான் இந்த மாடலுக்கும் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'நிறை மாடல்' என்றாலே போதும். நிறையும் குறையும் நம் பேச்சில் ஜோடியாகவே இருக்கின்றன.

எதிலிருந்து என்ற கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. அதே 40 வீடுகளை வீடு வீடாகக் கொடுக்காமல், இரண்டு கும்பலாகக் கொடுத்துப் பாருங்கள்:

```r
glm(cbind(c(15, 5), c(5, 15)) ~ c(1, 0), family = binomial)
```

கெழுக்கள் மாறாது. ஆனால் தொடக்கக் குறை 10.465 ஆகிவிடும், மிச்சக் குறை பூஜ்ஜியம் ஆகிவிடும் (திரையில் பூஜ்ஜியத்துக்கு மிக அருகே ஏதோ ஒரு துளி எண் வரலாம்). தரவு அதே, 44.987 எங்கே போனது? இப்போது தரவில் வரிகள் இரண்டுதான். நிறை மாடல் சொல்ல வேண்டியது '20க்கு 15', '20க்கு 5' என்ற இரண்டு விகிதங்களை மட்டும். நம் மாடல் அதை அப்படியே சொல்கிறது, குறை ஏதுமில்லை. முன்னே நிறை மாடல் 40 வீட்டின் தலைவிதியையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அளவுகோலின் மேல்முனை நகர்ந்துவிட்டது. நகராமல் நிற்பது இரண்டு வரிகளுக்கும் நடுவே உள்ள 10.465 மட்டும். பள்ளம் என்ற தகவல் உண்மையில் உதவியதா என்று பார்க்க அந்த வித்தியாசத்தைத்தான் ஒரு கட்டின்மைப் படியுள்ள கை-வர்க்கப் பரவலோடு வைத்துப் பார்க்கிறோம், 3.84ஐத் தாண்டினாலே 5 சதவீத மட்டத்தில் போதும், இது அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

இதனால் இன்னொரு தவறும் தெளியும். மிச்சத்தைக் கட்டின்மைப் படியால் வகுத்து, 44.987ஐ 38ஆல் வகுத்தால் 1.18, ஒன்றுக்கு அருகில் இருக்கிறது, ஆகவே மாடல் நன்றாகப் பொருந்துகிறது என்று சில குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். கும்பலாகக் கொடுத்த தரவில், கும்பலுக்குக் கும்பல் எண்ணிக்கை தாராளமாக இருந்தால் அதைப் பார்க்கலாம். வீட்டுக்கு ஒரு 0 அல்லது 1 என்று கொடுத்த தரவில் அந்த வகுத்தலுக்கு அர்த்தமே கிடையாது.

கெழு வரிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் 'கெழு' அருமையான சொல், யாரும் அதைக் கெடுக்கவில்லை. கெடுப்பது அதைப் படிக்கும் விதத்தை. `coef(m)` தருவது:

```
(Intercept)      pallam 
  -1.098612    2.197225 
```

`exp(2.197225)` போட்டால் 9. உடனே 'தாழ்ந்த வீட்டில் தண்ணீர் புக 9 மடங்கு வாய்ப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். 25 சதவீதம் 75 ஆனால் அது 3 மடங்குதான். 9 மடங்கு ஆவது, புகுந்த வீட்டுக்கும் புகாத வீட்டுக்கும் உள்ள விகிதம்: மேட்டில் 3 வீட்டில் புகாமல் இருந்தால் 1 வீட்டில் புகுகிறது, பள்ளத்தில் 1 வீட்டில் புகாமல் இருந்தால் 3 வீட்டில் புகுகிறது. அந்த விகிதத்துக்கும் நிகழ்தகவுக்கும் 'வாய்ப்பு' என்ற ஒரே சொல்லைப் போட்டால் வாசகன் எப்படிப் பிரித்தறிவான்?

இந்த வழக்கமே எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாடலும் மாதிரி, சாம்பிளும் மாதிரி. 'மாதிரியிலிருந்து மாதிரியை மதிப்பிடுதல்' என்று அச்சில் பார்த்திருக்கிறேன். கலைச்சொல் பட்டியலைத் திறந்து, இடப்பக்கச் சொல்லுக்கு வலப்பக்கச் சொல்லை வைத்துக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். நாலு வரி நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்த யாரும் 55க்குப் பக்கத்தில் பூஜ்ஜியம் என்று எழுத மாட்டார்கள். தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பொய்யான தமிழ்ச் சொல்லுக்கு 'டீவியன்ஸ்' என்று அப்படியே எழுதுவது எவ்வளவோ மேல். அது குறைந்தபட்சம் "இது எனக்குத் தெரியாத சொல்" என்று வாசகனை நிறுத்தும். 'விலகல்' தெரிந்த சொல் மாதிரி நடந்துகொண்டு அவனைத் தப்பான தெருவில் கொண்டுபோய் விடும்.

அந்தப் பையன் தன் பாடக்குறிப்பில் 'பூஜ்ஜிய விலகல்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'தொடக்கப் பொருத்தக்குறை, வீட்டுக்கு 1.386' என்று எழுதிக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை, உயர்ந்த 20 வீடுகளில் 10இல் தண்ணீர் புகுந்திருந்தால் இரண்டு வரிகளும் என்ன ஆகும் என்று கையாலேயே போட்டுக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான்.