சோர்ஸ்: மூலமா, ஆதாரமா, சான்றா?

"சோர்ஸ் எங்கே?" என்று கேட்காத கமெண்ட் பகுதி இன்று இல்லை. தமிழில் விளக்கக் காணொளி செய்பவர்களும் திரையின் ஓரத்தில் 'சோர்ஸ்' என்றே போட்டுவிட்டு நகர்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பழைய பொருள் நீர் ஊற்று. மேலெழுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆற்றின் தலைப்பைக் குறித்த சொல் நாளடைவில் செய்தியின் தலைப்பையும் குறிக்கத் தொடங்கியது. தமிழில் இதற்கு ஈடாக மூன்று சொற்கள் புழங்குகின்றன. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் பிழை வெறும் மொழிப்பிழையாக நிற்பதில்லை, காணொளிக்குள்ளும் போய்விடுகிறது.

மூலம் என்பது வடசொல், வேர் என்று பொருள். ஒரு தகவல் முதன்முதலில் எங்கே பதிவானதோ அது மூலம்: கல்வெட்டு, அரசாணை, அளவைப் பதிவேடு, நேரில் கண்டவர் எழுதியது. பொருத்தமான சொல்தான், ஆனாலும் திரையில் சிக்கல் உண்டு. 'நண்பர் மூலம்' என்கிற உருபும் இதே சொல். 'மூலம் கீழே கொடுக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால் கமெண்டில் வரும் மருத்துவக் கிண்டலுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஆதாரம் தாங்கி நிற்பது. நீராதாரம், வாழ்வாதாரம் என்பதெல்லாம் அந்தப் பொருளில்தான். ஆனால் 'ஆதாரத்தோடு சொல்கிறேன்' என்று யாராவது குரலை உயர்த்தினால் பெரும்பாலும் கையில் இருப்பது ஒரு ஸ்கிரீன்ஷாட். சொல் தேய்ந்துபோனது.

சான்று தமிழ்ச்சொல். 'சால்' என்ற வினையடியிலிருந்து பிறந்தது. சால்தல் என்றால் நிறைதல், போதுமாதல். சான்றோர் என்பதும் அதே வேர். திருக்குறளின் 25-ஆம் குறள் "இந்திரனே சாலுங் கரி" என்று முடிகிறது. கரி என்பது சாட்சிக்குப் பழைய தமிழ்ச்சொல். சாலும் கரி என்றால் போதுமான சாட்சி. சாட்சி என்ற வடசொல்லுக்குக் கண்ணோடு கூடியவன், அதாவது பார்த்தவன் என்று பொருள். பார்த்தவன் எதைப் பார்த்தான், அது இந்த வழக்குக்குப் போதுமா என்ற கேள்வி அந்தச் சொல்லில் இல்லை. சான்று என்ற சொல்லில் அந்தக் கேள்வி உள்ளேயே இருக்கிறது. அதனால் திரையில் போட 'சான்று' என்பதே சரியான ஈடு. தகவல் பிறந்த இடத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'மூலம்'. அடுத்தவர் சொன்னதை அப்படியே எடுத்துக்காட்டுவது மேற்கோள். அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு அது சான்று, சொன்னது உண்மை என்பதற்கு ஆகாது. ஃபேக்ட் செக்குக்குச் 'சரிபார்ப்பு' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 'தகவல் சரிபார்ப்பகம்' என்றே பெயர் வைத்திருக்கிறது.

சாலுமா என்று பார்ப்பது எப்படி? ஈரோடு, பவானி, கொடுமுடிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த காளிங்கராயன் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளலாம். அதைப் பற்றிய காணொளிகளில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: "1283-இல் காளிங்கராயன் வெட்டிய இந்த 90 கிலோமீட்டர் வாய்க்கால்தான் பவானியையும் நொய்யலையும் இணைத்த உலகின் முதல் நதி இணைப்பு."

கேட்க ஒரு வாக்கியம், உள்ளே ஐந்து கூற்றுகள். யார் வெட்டியது, எந்த ஆண்டு, எவ்வளவு நீளம், எதையும் எதையும் இணைக்கிறது, உலகில் முதலாவதா. பின்னணிக் குரல் பதிவுக்கு முன்பே எழுத்துப்படியில் ஐந்தையும் ஐந்து வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் சான்றையும் பக்க எண்ணையும் எழுதிவிட வேண்டும். எதிரில் ஒன்றும் இல்லாத வரி குரலுக்குப் போகக்கூடாது. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து தேடினால் படம் ஏற்கெனவே வெட்டி ஒட்டப்பட்டிருக்கும், சான்று கிடைக்காவிட்டாலும் வாக்கியத்தை எடுக்க மனசு வராது.

எதை எதோடு இணைக்கிறது என்பதற்கு வரைபடமே போதும். பவானி ஊரருகே உள்ள காளிங்கராயன் அணைக்கட்டில் பிரிந்து கொடுமுடிப் பக்கம் நொய்யலில் சேரும் வாய்க்காலைக் கோடாகக் காட்டிவிடலாம். நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு தளத்தில் 56 மைல் என்றும், இன்னொன்றில் 90 கிலோமீட்டர் என்றும் பார்த்ததும் இரண்டு இடத்தில் ஒத்துப்போகிறதே என்று தோன்றும். 56-ஐ 1.609-ஆல் பெருக்கினால் 90.1. ஒரே எண்ணை அலகு மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்றால் அது ஒரு சான்றுதான். பத்து தளங்கள் ஒரே வாக்கிய அமைப்பில், ஒரே எழுத்துப்பிழையோடு சொன்னாலும் அப்படியே. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது.

ஆண்டுக் கணக்கு இன்னும் நுட்பமானது. "கல்வெட்டில் 1283 என்று இருக்கிறது" என்று சொன்னால் அது அந்த இடத்திலேயே தவறு. அந்தக் காலக் கல்வெட்டு எதிலும் கிறித்தவ ஆண்டு இருக்காது. அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், சிலவற்றில் சக ஆண்டு இருக்கும். சக ஆண்டென்றால் 78 கூட்ட வேண்டும், ஆண்டின் கடைசி மாதங்களில் 79. ஆட்சியாண்டென்றால் அந்த அரசன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்பதை ஆய்வாளர் எப்படிக் கணிக்கிறாரோ அதைப் பொறுத்துக் கிறித்தவ ஆண்டு ஒன்றிரண்டு முன்பின்னாகும். ஆகவே ஆண்டுக்கான சான்று இரண்டு படி: கல்வெட்டின் பாடம் ஒன்று, அதை ஆண்டாக மாற்றிய ஆய்வு ஒன்று. பாடம் வேண்டுமென்றால் இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டு நூல்கள், தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ் ஆகியவற்றில் தேட வேண்டும். கைக்கு வரும்வரை "1283 என்று சொல்லப்படுகிறது" என்பதே நேர்மையான வாக்கியம். பாம்பு ஊர்ந்த தடத்தில் வாய்க்கால் வெட்டப்பட்டது என்ற கதையைக்கூடத் தாராளமாகச் சொல்லலாம், திரையில் 'செவிவழிக் கதை' என்று போட்டால் போதும். கதையைக் கதையென்று சொன்னால் ஊர்க்காரர் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

கடைசிக் கூற்று, 'உலகின் முதல்'. முதல், பெரிய, ஒரே என்று வரும் கூற்றுகளை ஆதரிக்கும் பக்கங்களைத் தேடிப் பயனில்லை. எதிர்ச்சான்று தேட வேண்டும், ஒன்றே ஒன்று கிடைத்தாலும் கூற்று விழுந்துவிடும். சீனாவின் குவாங்சி பகுதியில் லிங்சூ என்ற கால்வாய் பொ.ஆ.மு. 214-இல் வெட்டப்பட்டது. சியாங், லி என்ற இரண்டு ஆறுகளை இணைக்கிறது. ஒன்று யாங்சி படுகை, மற்றது முத்து ஆற்றுப் படுகை. 1283-க்கு ஏறத்தாழ 1500 ஆண்டு முந்தியது. முடிந்தது. சரிபார்த்த வாக்கியம் இப்படி ஆகும்: "காளிங்கராயன் பெயரில் வழங்கும் இந்த வாய்க்கால் பவானி நீரை நொய்யல்வரை கொண்டுபோகிறது, 1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படுகிறது." வேகம் கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கும். வாய்க்காலின் பெருமை ஒன்றும் குறையவில்லை.

சான்று இருந்தும் சாலாமல் போவதற்கு நல்ல எடுத்துக்காட்டு கொடுமணல். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் உள்ள அகழாய்வு ஊர். "சங்க இலக்கியத்தில் கொடுமணல்" என்று சொல்லி 'பதிற்றுப்பத்து' என்று மட்டும் போடுவார்கள். அது போதாது. பாட்டு 67-இன் முதல் அடி "கொடுமணம் பட்ட" என்று தொடங்குகிறது, 74-ஆம் பாட்டிலும் கொடுமணம் வருகிறது. பாட்டில் இருப்பது கொடுமணம், ஊரின் இன்றைய பெயர் கொடுமணல். இரண்டும் ஒன்று என்பது ஆய்வாளர் முடிவு. பாட்டு அதைச் சொல்லவில்லை. எனவே இரண்டு சான்று அட்டை வேண்டும். முதல் வாக்கியம் ஒலிக்கும்போது:

சான்று: பதிற்றுப்பத்து 67:1 ("கொடுமணம்")

அடுத்த வாக்கியத்தில், அந்த ஊர் இதுதான் என்று அடையாளம் காட்டிய ஆய்வு நூலின் ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம். இப்படிப் பிரித்துக் காட்டினால் பார்ப்பவர் எந்தப் பாதியோடு உடன்படவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும், கமெண்டில் வரும் திருத்தமும் பயன்படும்.

அட்டையைக் கூற்று ஒலிக்கும் நொடியிலேயே காட்ட வேண்டும். கடைசியில் கறுப்புத் திரையில் இருபது வரி ஓடவிட்டால் எந்த வரி எந்தக் கூற்றுக்கு என்று யாருக்கும் தெரியாது. மனசுக்குள் நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம் நிற்கட்டும். இடம் மேல் இடது மூலை. கீழ்ப்பகுதியை சப்டைட்டிலும் ஓட்டப்பட்டையும் மறைக்கும், ஷார்ட்ஸில் வலது ஓரத்தை லைக், ஷேர் பொத்தான்கள் மறைக்கும். எழுத்து போதுமா என்று கணினியில் பார்க்கக்கூடாது, போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். 1080 அளவு படத்தில் 40 பிக்சலுக்குக் குறைந்தால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில எடிட்டிங் மென்பொருள்களில் 'கொ' என்பதன் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் சரியாகும். சான்றின் பெயரே உடைந்து தெரிந்தால் அதைப் படித்தவர் யார் என்ற சந்தேகம் நியாயமாகவே வரும்.

ஆவணத்தின் படத்தையே காட்டுவதென்றால் மஞ்சள் அடித்த வரிக்கு முன்னும் பின்னும் இரண்டு வரியாவது தெரியட்டும். 'ஆனால்' என்று தொடங்கும் அடுத்த வரியை வெட்டிவிடுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் மோசடி, பல நேரம் தெரியாமலே நடப்பது. நீண்ட இணைப்புகளைத் திரையில் போட்டுப் பயனில்லை. விவரக்குறிப்பில் நிமிடக் குறியோடு கொடுக்கலாம், அங்கே போதிய இடம் இருக்கிறது.

எவ்வளவு பார்த்தாலும் ஒன்று தப்பும். யூடியூபில் ஏற்றிய காணொளியை அதே முகவரியில் வேறு கோப்பால் மாற்ற முடியாது. பிழையான துண்டை வெட்டலாம், மங்கலாக்கலாம், அந்த இடத்தில் புதிய படத்தை வைக்க முடியாது. விவரக்குறிப்பில் இப்படி எழுதினால் அந்த நிமிடத்தில் திருத்தம் இருப்பதாக ஒரு சிறு அட்டை திரையில் தோன்றும்:

```
Corrections:
2:14 உலகின் முதல் நதி இணைப்பு அல்ல; லிங்சூ (பொ.ஆ.மு. 214) முந்தியது
```

காணொளி தமிழில் இருந்தாலும் அந்தத் தலைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், 'திருத்தம்' என்று எழுதினால் யூடியூபுக்குப் புரியாது. அட்டையைத் தவறவிடுபவர்களுக்காக, அதே வரியைத் தமிழில் முதல் கமெண்டாக மேலே நிலையாக நிற்கும்படி வைத்து, பிழையைச் சுட்டிக்காட்டியவர் எந்தச் சான்றைக் கொடுத்தார் என்பதையும் கூடவே எழுதிவிடலாம்.