‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிய பிறகும் காணாமல் போன 11 பதில்கள்

மருதமுனையில் வீட்டோடு தறி வைத்து நெய்கிற ஒரு ராத்தா ஒருநாள் இரவு எனக்கு அழைப்பு எடுத்தார். நெசவாளர்களுக்குக் கடன் கொடுக்கிற ஒரு சிறிய சங்கத்துக்கு நான்தான் இணைய விண்ணப்பப் படிவம் செய்து கொடுத்திருந்தேன். மொத்தம் 42 கேள்விகள். ஒரே இருப்பில் நிரப்பி முடிக்க முடியாது என்று தெரிந்தே, எழுத எழுதத் தானாகச் சேமித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். மேலே ஓரமாகச் சிறிய பச்சை எழுத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டும்.

“எல்லாம் போட்டன் தம்பி. சேமிச்சாச்சி எண்டுதான் காட்டிச்சி. இப்ப பாத்தா பாதி இல்ல” என்றார்.

போய்ப் பார்த்தேன். வங்கி விபரம் மூன்று, பிணை நிற்பவர்கள் இருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று ஆறு, மாத நூல் செலவு, மாத விற்பனை. ஆக 11 பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. சேர்வரின் பதிவுகளைப் புரட்டியபோது எதுவும் பழுதாகவில்லை. எல்லாச் சேமிப்பும் ஒழுங்காக நடந்திருக்கிறது. பிழை அந்த ஒழுங்குக்குள்ளேதான் இருந்தது.

நடந்தது இதுதான். காலை 10 மணிக்கு மகனின் லெப்டொப்பில், வட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு ராத்தா படிவத்தைத் திறந்திருக்கிறார். முதல் பகுதியை நிரப்பிவிட்டுச் சமைக்கப் போனார். 2 மணிக்கு வந்து அதே இணைப்பை மறுபடி தொட்டார். பிரவுசர் பழைய டேப்பைத் தேடிப் போகாது. புதிதாக ஒன்றைத் திறக்கும். அந்த இரண்டாவது டேப்பில்தான் 11 பெட்டிகளையும் நிரப்பினார். மாலையில் மகன் லெப்டொப்பைத் திறந்தபோது காலையில் திறந்த டேப் முன்னால் நின்றது. அதில் தொலைபேசி இலக்கத்தில் ஒரு இலக்கம் பிழை என்று கண்டு திருத்தினான். அவ்வளவுதான். என் படிவம் அந்த டேப்பில் இருந்த 42 பதில்களையும் அப்படியே சேர்வருக்கு அனுப்பியது. காலை 10 மணி டேப்புக்குப் பிற்பகலில் எழுதியது எதுவும் தெரியாது. அந்த 11 இடங்களிலும் வெறுமை போய்ப் பதிந்தது. பிறகு ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சையில் காட்டியது. அது பொய்யுமில்லை.

அந்த ஒரு சொல்லைக் காட்டுவதற்கு முன் என்னவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

நாம் எழுதுகிற ஒரு எழுத்து மூன்று இடங்களில் இருக்கலாம். முதலில் டேப்பின் நினைவகத்தில் மட்டும். அப்போது டேப்பை மூடினால் போச்சு. அடுத்தது அந்தக் கருவியிலேயே பிரவுசர் வைத்திருக்கும் சேமிப்பில், உதாரணமாக `localStorage` என்பதில். கரண்ட் போனாலும், பிரவுசரை மூடினாலும் அது பெரும்பாலும் இருக்கும். ஆனால் அந்தக் கருவியை விட்டு வேறெங்கும் கிடைக்காது. மூன்றாவது சேர்வரில். வேறு போனிலிருந்து திறந்தாலும் அங்கிருந்து கிடைக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே பச்சைச் சொல்லைக் காட்டினால் படிப்பவர் ஏமாறுவார். இப்போது என் படிவத்தில் ‘எழுதுகிறீர்கள்’, ‘இந்தக் கருவியில் மட்டும் இருக்கிறது, இணைப்பு வந்ததும் அனுப்பப்படும்’, ‘சேமிக்கப்பட்டது, பி.ப. 2.41’ என்று மூன்று நிலைகள் உண்டு. நேரத்தைப் போடுவது அலங்காரத்துக்கு அல்ல. நேரமில்லாத ‘சேமிக்கப்பட்டது’ நேற்றையதா இப்போதையதா என்று யாருக்கும் தெரியாது. அதுவும் சேர்வர் சொல்லும் நேரமாக இருக்க வேண்டும். பற்றரி செத்த பழைய கணினிகள் ஐந்து வருடம் பின்னால் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எப்போது அனுப்புவது என்பது எளிது. ஒவ்வொரு எழுத்துக்கும் அனுப்பினால் டேட்டா வீண். விரல் நின்று ஒரு விநாடி ஆனதும் அனுப்புவது வழக்கம். நிற்காமல் தட்டுபவர்களும் உண்டு. அதற்காக ‘எப்படியும் 10 விநாடிக்கு ஒருமுறை’ என்று மேலதிகமாக ஒரு எல்லை வைப்போம். அரைகுறைப் பதிலையும் மறுக்காமல் வாங்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தில் 12 இலக்கம் வரவில்லை என்று வரைவைத் திருப்பி அனுப்பினால் அது தானியங்கிச் சேமிப்பே இல்லை. அந்தச் சரிபார்ப்பெல்லாம் கடைசியில் சமர்ப்பிக்கும்போது.

கொஞ்சம் வழுக்குகிற இடம், பதில் திரும்பி வரும்போது வருகிறது. நீங்கள் ‘கல்மு’ வரை எழுதியபோது ஒரு சேமிப்புக் கிளம்புகிறது. இணைப்பு மெதுவாக இருப்பதால் பதில் வர 4 விநாடி. அதற்குள் ‘கல்முனை’ என்று முடித்துவிட்டீர்கள். இப்போது வருகிற ‘சரி’ என்ற பதில் ‘கல்மு’வுக்கு உரியது. அதைப் பார்த்துப் பச்சை காட்டினால் ‘னை’ இன்னும் போகவில்லை என்பது மறைந்துவிடும். இதற்கு ஒரு எண்ணியே போதும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று கூட்டுங்கள். அனுப்பும்போது எண் 57 என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வரும்போது எண் 57ஆகவே இருந்தால் பச்சை. 59 ஆகியிருந்தால் இன்னும் இல்லை, மறுபடி அனுப்ப வேண்டும். ஒரு சேமிப்பு முடியாமல் அடுத்ததை அனுப்பவும் கூடாது. மெதுவான இணைப்பில் பின்னால் போனது முன்னால் போய்ச் சேர்ந்து, பழையது கடைசியாக வந்து புதியதை அழித்துவிடலாம்.

சரி, இத்தனையும் செய்தாலும் ராத்தாவின் 11 பதில்கள் தப்பியிருக்காது. அந்த மாலைச் சேமிப்பு எண்ணியின் கணக்கிலும் சரியானதுதான்.

மாற்றிய பெட்டியை மட்டும் அனுப்பினால் என்ன என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மகன் திருத்திய தொலைபேசி இலக்கம் மட்டும் போயிருந்தால் மற்றது தப்பியிருக்கும். உண்மை, அதை உடனே செய்தும் விட்டேன். ஆனால் இரண்டு டேப்பிலும் ஒரே பெட்டியை மாற்றியிருந்தால்? கடைசியாக வந்தது சத்தமில்லாமல் வெல்லும். தரவுத்தளக்காரர்கள் இதை ‘தொலைந்த புதுப்பிப்பு’ என்பார்கள். வழி பழையது. பூட்டுப் போட்டு மற்றவரை நிறுத்தி வைப்பதற்குப் பதிலாக, எல்லாரையும் எழுதவிட்டு, பதியும் கணத்தில் மட்டும் மோதல் உண்டா என்று பார்க்கும் முறையை குங், ராபின்சன் என்ற இருவர் 1981இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்கள்.

நடைமுறையில் இது ஒரு பதிப்பு எண். சேர்வரில் விண்ணப்பத்தோடு ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒன்று கூடும். டேப் படிவத்தைத் திறக்கும்போது அந்த எண்ணையும் வாங்கிக்கொள்ளும். சேமிக்கும்போது ‘நான் பார்த்தது 14ஆம் பதிப்பு’ என்று சொல்லித்தான் கொடுக்கும்.

```
UPDATE application
SET data = :data, version = version + 1
WHERE id = :id AND version = 14;
```

கடைசி வரிதான் உயிர். சேர்வரில் எண் இன்னும் 14ஆகவே இருந்தால்தான் பதியும். காலை டேப் தன் வேலையை முடித்தபோது எண் 14. பிற்பகல் டேப் 14இலிருந்து தொடங்கி ஒன்பது தடவை சேமித்து 23க்குக் கொண்டுபோயிருந்தது. மாலையில் காலை டேப் 14 என்று சொல்லிக்கொண்டு வந்தால் பொருந்துகிற பதிவு ஒன்றுமில்லை. மாறிய பதிவுகள் 0. சேர்வர் எதையும் தொடாமல், மோதல் என்று சொல்லும் `409` என்ற பதிலோடு, தன்னிடமுள்ள 23ஆம் பதிப்பையும் திருப்பிக் கொடுக்கும். பார்ப்பதும் பதிவதும் இப்படி ஒரே கட்டளைக்குள் நடக்க வேண்டும். முதலில் எண்ணைப் படித்து, பிறகு தனியாகப் பதிந்தால் அந்த இடைவெளியில் மற்ற டேப் நுழைந்துவிடும்.

மறுத்தால் மட்டும் போதாது. ‘வேறு இடத்தில் மாற்றப்பட்டுள்ளது, பக்கத்தை மீண்டும் திறக்கவும்’ என்று காட்டிவிட்டு ஓடிப்போகும் படிவங்கள் உண்டு. திறந்தால் எழுதியது போய்விடும். அதற்குப் பழைய முறையே மேல்.

அந்த நேரத்தில் டேப்பின் கையில் மூன்று பிரதிகள் இருக்கின்றன: தான் தொடங்கிய 14, தன்னிடம் இப்போது உள்ளது, சேர்வர் கொடுத்த 23. ஒவ்வொரு பெட்டியாக ஒப்பிடலாம். தொலைபேசி இலக்கம் இங்கே மட்டும் மாறியிருக்கிறது, என்னுடையதை எடு. அந்த 11 பெட்டிகள் அங்கே மட்டும் மாறியிருக்கின்றன, அவற்றை எடு. சேர்த்து, 23 என்ற எண்ணோடு மறுபடி அனுப்பினால் 24 ஆகப் பதியும். மகனிடம் ஒரு கேள்வியும் கேட்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் வெவ்வேறாக மாறிய பெட்டி இருந்தால் மட்டும் கேட்க வேண்டும்: தறிகளின் எண்ணிக்கை இங்கே 3, அங்கே 4, எது சரி? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, தெரிவு செய்யும்வரை எதையும் அழிக்காமல் வைத்திருப்போம்.

இதில் நான் ஒருமுறை சறுக்கினேன். வங்கி, கிளை, கணக்கு இலக்கம் மூன்றும் தனித்தனிப் பெட்டிகள். ஒரு டேப்பில் வங்கியையும் கிளையையும் மாற்றி, மற்றதில் கணக்கு இலக்கத்தை மட்டும் திருத்தினால் என் ஒப்பீடு மோதலே இல்லை என்று சொல்லி, ஒரு வங்கியின் பெயரோடு இன்னொரு வங்கியின் கணக்கைக் கோர்த்துவிடும். இப்படி ஒட்டிப் பிறந்த பெட்டிகளை ஒரே கட்டாக எண்ணி ஒப்பிட வேண்டும். எவை எவை ஒரு கட்டு என்பதை நிரல் கண்டுபிடிக்காது. படிவத்தைப் படித்த ஆள்தான் சொல்ல வேண்டும். அதேபோல, கர்சர் நிற்கிற பெட்டிக்குள் அங்கிருந்து வந்த பதிலைத் திணிக்கக் கூடாது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது எழுத்து கண்முன் மாறினால் பேய் பிடித்தது போலிருக்கும்.

ஒரே பிரவுசரில் இருக்கும் டேப்கள் சேர்வரைக் கேட்காமலே தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் முடியும். `BroadcastChannel` என்பது அதற்குத்தான். ஒரு டேப் ‘23 ஆகிவிட்டது’ என்று சொன்னால் மற்றது உடனே புதியதை வாங்கிக்கொள்ளலாம், அல்லது ‘இந்தப் படிவம் இன்னொரு டேப்பிலும் திறந்திருக்கிறது’ என்று மேலே ஒரு வரி காட்டலாம். மோதல்களில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் இதை நம்பிப் பதிப்பு எண்ணை விட்டுவிட முடியாது. பின்னணியில் உறைந்து கிடக்கும் டேப்புக்குச் செய்தி அந்த நேரத்தில் கேட்காது. ராத்தா போனிலும் மகன் லெப்டொப்பிலும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே இந்த வழியே இல்லை. தீர்ப்பு சேர்வரில்தான். ஆகவே, மறைந்திருந்த டேப் மறுபடி கண்முன் வரும்போது, `visibilitychange` என்ற நிகழ்வில், முதல் வேலையாகப் பதிப்பு எண்ணைக் கேட்கச் செய்தேன். இப்போது மகன் மாலையில் அந்தப் பழைய டேப்பைத் திறந்தால், அவன் கை வைப்பதற்கு முன்பே 11 பதில்களும் அதில் வந்திருக்கும்.

கருவியிலேயே வைக்கிற பிரதிக்கு ஒரு ஆபத்து உண்டு. எங்கள் பக்கம் பலர் விண்ணப்பங்களை நிரப்புவது சந்தியில் உள்ள கொமினிகேஷனில், ஊரே பாவிக்கிற கணினியில். அடுத்ததாக வந்து உட்காருபவருக்கு முன்னவரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் பிரவுசரில் காத்திருக்கலாம். அதனால் தொடக்கத்தில் ‘இது உங்கள் சொந்தக் கருவியா?’ என்று ஒரு கேள்வி வைத்தேன். இல்லை என்றால் சேர்வருக்கு மட்டும்தான் போகும். இணைப்பு அறுந்தால் ‘சேமிக்கப்படவில்லை, டேப்பை மூடாதீர்கள்’ என்று சிவப்பில் காட்டும். ஆம் என்றாலும், சமர்ப்பித்து முடிந்ததும் கருவியில் உள்ள பிரதி அழிக்கப்படும். ராத்தா அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றே தெரிவு செய்திருந்தார். கேட்டதற்கு, “லெப்டொப் மகன்டதானே” என்றார். கேள்வியை ‘இந்தக் கணினியை வெளியாட்களும் பாவிப்பார்களா?’ என்று மாற்றினேன்.