டயாலிசிஸும் தாம்பத்தியமும்: மாத்திரை வாங்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

டயாலிசிஸ் யூனிட்டுக்கு வருகிறவரிடம் எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். தாம்பத்தியம் எப்படி இருக்கிறது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அவராகவும் சொல்வதில்லை. ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் போன்ற ஊர்களில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் சொந்த ஊர்க்காரராகவோ தூரத்து உறவாகவோ இருப்பார். எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் அப்பாவின் சிநேகிதர். அதனால் மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கும்போது, முகம் தெரியாத கடையில் காதும் காதும் வைத்தாற்போல் விறைப்புக்கு ஒரு மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்த உடம்பில் அந்த மாத்திரை எப்போது உதவும், எப்போது உயிருக்கு உலை வைக்கும் என்பதை அந்தக் கடையில் யாரும் சொல்லப்போவதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசை குறைவது வேறு, விறைப்பு வராமல் போவது வேறு. டயாலிசிஸில் இருக்கும் ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விறைப்புக் கோளாறு இருக்கிறது. பலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். ஆனால் காரணங்கள் தனித்தனி. சிறுநீரகம் பழுதாகும்போது விரைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சரியாக வெளியேறாமல் ரத்தத்தில் தேங்குகிறது, சுரப்பதும் கூடுகிறது. ரத்தசோகையும் சோர்வும் மனச்சோர்வும் இவற்றோடு சேரும்போது ஆசை வற்றுகிறது. விறைப்பைப் பெரும்பாலும் கெடுப்பவை சர்க்கரை நோய் அரித்த நரம்புகளும், சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன ரத்தக் குழாய்களும்தான். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே, கிரியாட்டினின் ஏறத் தொடங்கிய காலத்திலேயே, இவை ஆரம்பித்துவிடும். இதைப் பொத்தாம்பொதுவாக ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி லேகியம் விற்பவர்களை நம்ப வேண்டாம். விந்து வெளியேறினால் கிட்னி பலவீனமாகும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் எதுவும் இல்லை.

விடியற்காலையில் தூக்கத்தில் விறைப்பு வருகிறதா என்று கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். அது பழையபடி வருகிறது, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வரவில்லை என்றால், குழாயும் நரம்பும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. மனமோ களைப்போ காரணமாக இருக்கலாம். அதுவும் நின்றுபோயிருந்தால் உடம்பில் தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். இது தனி ஒருவரின் கதை அல்ல, பலரிடம் காண்பதைச் சேர்த்துச் சொல்வது. வயது 48. கோத்தகிரிப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை. சர்க்கரை நோய் 12 வருடமாக. ஒரு வருடமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். நீர் எடுத்த பின் இருக்க வேண்டிய எடை 60 கிலோ. ஹீமோகுளோபின் 8.6. ஆறு மாதமாக ஆசையும் இல்லை, விறைப்பும் இல்லை. “மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுங்க சார்” என்கிறார்.

மாத்திரை எழுதுவதற்கு முன் அவருடைய சீட்டைத்தான் எடுக்க வேண்டும். அதில் ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் இருக்கிறது. இது சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு உடம்பிலேயே தங்கி, நாடித்துடிப்பைக் குறைத்து, களைப்பையும் விறைப்புக் குறைவையும் கூட்டலாம். இதை மாற்ற மருத்துவரால் முடியும். ஆனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. நெஞ்சு படபடத்து அழுத்தம் எகிறும்.

அடுத்தது, வயிற்றெரிச்சலுக்கு என்று தினமும் காலையில் போடும் கேப்சூல். அதில் ரேபிபிரசோலோடு லெவோசல்பிரைடும் இருக்கிறது. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருகிறது என்று பஸ் ஏறும் முன் மெட்டோகுளோபிரமைடு வேறு போடுகிறார். லெவோசல்பிரைடு, மெட்டோகுளோபிரமைடு இரண்டுமே புரோலாக்டினை ஏற்றுகிறவை. ஏற்கெனவே தேங்கியிருக்கும் புரோலாக்டினை இவை இன்னும் மேலே தள்ளினால் டெஸ்டோஸ்டிரோன் அமுங்கிப்போகும், ஆசை அற்றுப்போகும். சிலருக்கு மார்புக்காம்பு வலித்து மார்பு லேசாகப் பருக்கவும் செய்யும். டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல்களும் இதே ரகம்தான். நம் ஊரில் ‘கேஸ் மாத்திரை’ என்று மாதக்கணக்கில் சாப்பிடும் பலருக்கு அதற்குள் இரண்டாவது மருந்து ஒன்று இருப்பதே தெரியாது. அட்டையின் பின்புறம் இருக்கும் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். மருத்துவரிடம் கேட்டு, அந்த இரண்டாவது மருந்து இல்லாத மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் இவ்வளவு சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காரணம் வேறு கிடைப்பது அரிது.

பிறகு எடை. இவர் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையே 3.6 கிலோ ஏறி வருகிறார். நாலு மணி நேரத்தில் அதை எடுக்க மணிக்கு 900 மி.லி. நீரை இழுக்க வேண்டும். கிலோவுக்கு மணிக்கு 15 மி.லி. ஆகிறது. 13-ஐத் தாண்டுவது நல்லதல்ல என்பது பரவலாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. இப்படி வேகமாக இழுத்தால் அழுத்தம் விழுந்து, கெண்டைக்கால் பிடித்து, வீடு திரும்பியதும் அடித்துப் போட்டதுபோல் கிடப்பார். அன்றிரவு தாம்பத்தியத்துக்கு உடம்பில் தெம்பு ஏது? மலையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குளிரில் வியர்வை குறைவு. குடித்தது அப்படியே உள்ளே நிற்கும். ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு 500 மி.லி. சேர்த்ததுதான் பொதுவாகச் சொல்லும் குடிநீர்க் கணக்கு. இவருக்கு 200 மி.லி. சிறுநீர் போகிறது, ஆக 700 மி.லி. குளிருக்கு இதமாக 120 மி.லி. டீ ஆறு குடித்தாலே கணக்கு தீர்ந்தது. டீயை மூன்றாகக் குறைத்து, ஊறுகாய், கருவாடு, அப்பளத்தை விட்டால் தாகமும் அடங்கும். இடையில் ஏறும் எடையை 2.5 கிலோவுக்குள் கொண்டுவருவது இலக்கு.

ஹீமோகுளோபின் 8.6 இருக்கும்போது எதைச் செய்தாலும் உடம்பு ஒத்துழைக்காது. எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் முறையாகப் போட்டு 10-க்கும் 11.5-க்கும் இடையே கொண்டுவந்தால் சோர்வு குறையும். சிலருக்கு ஆசையும் ஓரளவு திரும்பும். 13, 14 என்று ஏற்ற ஆசைப்பட வேண்டாம். பக்கவாத ஆபத்து கூடும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஹார்மோன் சோதனை. டெஸ்டோஸ்டிரோனைக் காலை பத்து மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும். மாலையில் எடுத்தால் இயல்பாகவே குறைவாகக் காட்டும். காலை ஷிப்டில் வருபவர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலாவில் ஊசி போட்டதும், மெஷினில் இணைக்கும் முன் ரத்தம் கொடுத்துவிடலாம். தனியாகக் கையில் குத்தி ரத்தக் குழாயைக் கெடுத்துக்கொள்ளவும் தேவையில்லை. புரோலாக்டினை, முன்சொன்ன மாத்திரைகளை நிறுத்திச் சில நாள் கழித்தே பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைவு என்றால் ஊசியோ ஜெல்லோ தர முடியும். அது விந்தணு உற்பத்தியை நிறுத்தும் என்பதால் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றதல்ல.

இப்போது கடையில் வாங்கும் அந்த விறைப்பு மாத்திரை, சில்டனாஃபில். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஆரம்ப அளவு 25 மி.கி., கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 50, 100 அல்ல. டயாலிசிஸ் இல்லாத நாளில், வயிறு நிறையச் சாப்பிடாமல், ஒரு மணி நேரம் முன்னதாக. டயாலிசிஸ் அன்று வேண்டாம். நீர் எடுத்த உடம்பில் அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும், இது இன்னும் இறக்கும். மெஷின் இந்த மருந்தை வெளியே எடுக்கவும் எடுக்காது. ரத்த அழுத்தத்துக்குப் பிரசோசின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுவார்கள். மாத்திரை தானாக விறைப்பைத் தராது, ஆசையும் தொடுதலும் வேண்டும். அதனால்தான் முதலில் புரோலாக்டினைத் துரத்துகிறோம். ஒருமுறை வரவில்லை என்றதும் விட்டுவிட வேண்டாம். ஆறேழு தடவையாவது முயன்ற பிறகே பலனில்லை என்று சொல்ல முடியும். இதே வகை மாத்திரையான தடாலாஃபில் ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் நிற்பது; டயாலிசிஸில் இருப்பவருக்கு 5 மி.கி.க்கு மேல் கூடாது, இரண்டு மாத்திரைக்கு நடுவே 72 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

நம் உதாரணக்காரரிடம் இன்னும் ஒன்று பாக்கி. அவருடைய ஸ்வெட்டர் பாக்கெட்டில், போன பனிக்காலத்தில் மேடு ஏறும்போது நெஞ்சை அடைத்ததற்காக யாரோ கொடுத்த நாக்கடி மாத்திரை இருக்கிறது. எப்போதோ ஒருமுறை போடுவதால் சீட்டில் ஏறவில்லை. அது ஐசோசார்பைடு, நைட்ரேட் வகை. நைட்ரேட்டும் சில்டனாஃபிலும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் உயிரே போகலாம். நெஞ்சு வலிக்குத் தரும் நிக்கோராண்டிலும் அப்படியே. ஆகவே இவருக்குச் சில்டனாஃபில் இப்போது கிடையாது. முதலில் இருதய மருத்துவர் ஈசிஜி, எக்கோ பார்த்து, நெஞ்சடைப்புக்குக் காரணம் கண்டு, நைட்ரேட் வேண்டாம் என்று எழுத்தில் நிறுத்தினால் மட்டுமே அந்தப் பேச்சு. ஆணுறுப்பின் ரத்தக் குழாய் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். இருதயக் குழாய் மூன்று, நாலு. அடைப்பு சிறியதில் முதலில் தெரியும். அதனால் விறைப்புப் போனதையே இருதயத்தைப் பார்க்கச் சொல்லும் செய்தியாக எடுத்துக்கொள்கிறோம்.

ஏற்கெனவே மாத்திரை போட்டுவிட்டு நெஞ்சு வலி வந்தால், அவசரப் பிரிவில் என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். சில்டனாஃபில் என்றால் 24 மணி நேரத்துக்கும், தடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரமாட்டார்கள். சொல்லாவிட்டால் முதலில் நாக்கடியில் வைப்பது அதுவாகத்தான் இருக்கும். ஆண்மை லேகியம் சாப்பிட்டவர்களும் சொல்ல வேண்டும். சிலவற்றில் இதே சில்டனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருக்கிறார்கள், சிலவற்றில் பாதரசமும் ஈயமும் இருக்கின்றன.

நைட்ரேட்டை விட முடியாதவர்களுக்கு வாக்யூம் பம்ப் உண்டு. குழாயை மாட்டிக் காற்றை உறிஞ்சியதும் ரத்தம் ஏறும், அடியில் ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் போட்ட அன்று செய்தால் தோலடியில் ரத்தம் கன்றிப்போகும், மறுநாள் வைத்துக்கொள்ளலாம். எந்த வழியில் வந்தாலும், விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மனைவிமார் பலர் கேட்கத் தயங்கும் கேள்வி, தொட்டால் ஃபிஸ்டுலா கெட்டுவிடுமா என்பது. கெடாது. அந்தக் கையில் உடம்புப் பாரத்தை ஊன்றாமலும், தலைக்கடியில் மடக்கி வைக்காமலும் இருந்தால் போதும். மல்லாந்தோ, மறுபக்கம் ஒருக்களித்தோ படுப்பது வசதி. கழுத்தில் கதீட்டர் இருந்தால் கட்டு நனையாமல், குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் வயிற்றில் இருக்கும் திரவத்தை முதலில் வடித்துவிட்டால் மூச்சு முட்டாது. அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது மனைவியும் கூட வரட்டும், கட்டில்கள் வரிசையாக இருக்கும் அந்த அறையில் பேச வேண்டாம். கதவு மூடிய அறை ஒன்று வேண்டும் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், ஸ்வெட்டர் பாக்கெட்டில் கிடப்பது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.