"வாடிக்கையாளர் இல்லை": கூரியர் கிளையின் சேவை வரைபடம் காட்டிய காரணம்

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கூரியர் கிளைக்கு, சேவை நடக்கும் படிகளைக் காட்டும் சேவை வரைபடம் வரைந்து கொடுத்தேன். அங்கே திரும்பிப் போகும் பார்சல்களில் பெரும்பாலானவற்றுக்கு "வாடிக்கையாளர் இல்லை" என்பதே காரணமாகப் பதிவாகியிருந்தது. டெலிவரி பையன்கள் வீட்டுக்குப் போகாமலே பதிவு செய்கிறார்கள் என்று உரிமையாளர் சந்தேகப்பட்டார். ஆனால் பதிவான இடமும் நேரமும் தெருவோடு பொருந்தின. பையன்கள் போய்த்தான் வந்திருக்கிறார்கள்.

1984-இல் லின் ஷோஸ்டாக் எழுதிப் பரவலாக்கிய இந்த முறையில், வாடிக்கையாளர் செய்வதை மேலே எழுதுகிறோம். அதற்குக் கீழே, அவர் கண்ணெதிரே ஊழியர் செய்வது: முன்மேடை. அங்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவர் பார்க்காத பின்மேடை; அதற்கும் அடியில் மென்பொருள், வாகனம், கிடங்கு போன்ற துணை வேலைகள்.

தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகு மீனவருக்கு வந்த இன்ஜின் உதிரிபாகத்தை எடுத்துக்கொண்டோம். பணம் கொடுத்து வாங்கவேண்டிய பார்சல். முன்மேடையில் எழுத அதிகம் இல்லை: பையன் நண்பகலில் கதவைத் தட்டினான், மீனவரின் போன் கிடைக்கவில்லை, பதிவு செய்தான். கோட்டுக்குக் கீழேதான் விஷயம் இருந்தது. மதுரையிலிருந்து வந்த மூட்டையைக் காலையில் பிரிக்கிறார்கள், ஸ்கேன் செய்கிறார்கள், தெருவாரியாக அன்றைய விநியோகப் பட்டியலை அச்சிடுகிறார்கள். பட்டியல் முடிந்த பிறகுதான் தொகையைச் சொல்லும் குறுஞ்செய்தி போகிறது. அதற்குள் அவருடைய விசைப்படகு செல்போன் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும்.

இரண்டாம் நாள் மீனவர் கரையில்தான் இருந்தார், ஆனால் வீட்டில் இல்லை. மீனை விற்றுக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த மனைவி, "எவ்வளவு என்று அவர் எதுவும் சொல்லவில்லையே தம்பி" என்றார். மூன்றாம் நாள் மறுபடியும் கடல். மூன்று முயற்சியும் முடிந்து பார்சல் திரும்பியது.

தவறு நேரும் இடத்தை வரைபடத்தில் சிவப்பு வட்டமிடுவது வழக்கம். உரிமையாளர் அதை வாசற்படியில் போடச் சொன்னார். நான் குறுஞ்செய்தி கிளம்பும் கட்டத்தில் போட்டேன். மென்பொருள் தலைமையகத்தின் கையில் இருப்பதால் கிளை அதை மாற்ற முடியாது. ஆனால் மறுநாள் வரவிருக்கும் பார்சல்களின் பட்டியல் முந்தைய மாலையே கணினியில் தெரிகிறது. அதைப் பார்த்து ஒருவர் போன் செய்து, தொகையைச் சொல்லி, "நாளை வீட்டில் யார் வாங்குவார்கள்?" என்று கேட்டு, பதிலைப் பட்டியலில் குறிக்கும்படி மாற்றினோம். எல்லாருக்கும் பேச ஆள் போதாது. பணம் வசூலிக்கவேண்டிய பார்சல்களுக்கு மட்டும்.

இந்தக் காரணம் சரிதானா என்று சோதிக்கவும் வழி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். முந்தைய ஆண்டுகளின் அந்த மாதங்களில் மீனவர் தெருக்களிலிருந்து திரும்பியவை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் சிவப்பு வட்டத்தை வேறு கட்டத்தில் தேட வேண்டும்.