கறுப்புப் பட்டைக்கு அடியில் இருக்கும் எழுத்து

ஒரு பிடிஎஃப் ஆவணத்தில் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்த பெயரைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டியபோது அது முழுதாக வந்து விழுந்தது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 2019 ஜனவரியில் இதே தவறு அமெரிக்க நீதிமன்றம் ஒன்றிலும் நேர்ந்தது. டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத்தை ஒரு காலத்தில் நடத்திய பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில், கறுப்பாக்கப்பட்ட வரிகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். 2016 தேர்தலுக்கான கருத்துக்கணிப்புத் தரவுகளை மனஃபோர்ட் தன் பழைய தொழில் கூட்டாளியான கான்ஸ்டன்டின் கிலிம்னிக் என்பவருடன் பகிர்ந்துகொண்டார் என்று அரசுத் தரப்பு சொல்லியிருந்த செய்தி அப்படித்தான் வெளியே வந்தது.

பிடிஎஃப் பக்கம் ஒரு புகைப்படம் போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஓவியனுக்குச் சொல்வது போன்ற கட்டளைகளின் வரிசைதான். ‘ரவி’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் அச்சிட்டு அதன்மேல் பட்டை வரைந்தால், கோப்புக்குள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
BT /F1 12 Tf 72 700 Td (Ravi) Tj ET
0 g 70 697 30 14 re f
```

முதல் வரி, 12 புள்ளி அளவு எழுத்துருவை எடுத்து, இடது ஓரத்திலிருந்து 72 புள்ளி, அதாவது ஓர் அங்குலம் தள்ளி, அந்த நான்கு எழுத்துகளை வரையச் சொல்கிறது. இரண்டாம் வரி கறுப்பு நிறத்தை எடுத்து அதே இடத்தில் ஒரு செவ்வகத்தை நிரப்பச் சொல்கிறது. பிறகு வரைந்தது முதலில் வரைந்ததை மூடும் என்பதால் நம் கண்ணுக்குப் பட்டை மட்டுமே தெரிகிறது. ஆனால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மென்பொருள் திரையைப் பார்ப்பதில்லை. கட்டளை வரிசையைப் படித்து, எந்த எழுத்து எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்று மட்டுமே கணக்கிடுகிறது. அதன்மேல் பிற்பாடு என்ன பூசப்பட்டது என்ற கேள்வியே அதற்கு எழுவதில்லை. சுவரில் எழுதியதன்மேல் சுண்ணாம்பு அடித்தவர், எழுதச் சொன்ன சீட்டையும் அதே சுவரில் ஒட்டிவிட்டுப் போனது போன்றது இது. இதில் தட்டச்சு செய்தவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. செவ்வகம் வரையும் கருவியைக் கண்ணுக்கு முன்னே வைத்துவிட்டு, நீக்கும் கருவியை எங்கோ உள்ளே ஒளித்துவைக்கும் மென்பொருள்களுக்கும் அதில் பங்குண்டு.

உண்மையான நீக்கம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் நீக்க வேண்டிய பகுதியைக் குறிக்கிறோம்; இந்த நிலையில் எழுத்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பிறகு அதைச் செயல்படுத்தும்படி கட்டளையிட்டால், மென்பொருள் `(Ravi) Tj` என்பதையே அழித்துவிட்டுப் பட்டையை மட்டும் விட்டுவைக்கிறது. அத்துடன் கோப்பை முழுவதுமாகப் புதிதாக எழுதவும் வேண்டும். ஏனெனில் பிடிஎஃப் வடிவம் மாற்றங்களைப் பழைய கோப்பின் வாலில் சேர்த்துக்கொண்டே போக அனுமதிக்கிறது; அவ்வாறு சேமித்தால் அழித்ததாக நாம் நினைக்கும் பக்கம் முன்பகுதியில் அப்படியே கிடக்கும்.

என்னை மிகவும் கவர்ந்த சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. பெயர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தால், அதை நீக்கிய பின்னும் அடுத்த சொல் தன் இடத்திலேயே நிற்க வேண்டும். அதற்காகக் கோப்பில் ஓர் இடைவெளி எண் எழுதப்படலாம்:

```
[(Mr. ) -2000 ( came)] TJ
```

எழுத்தளவை ஆயிரம் பங்காகப் பிரித்தால் இந்த இடைவெளி 2000 பங்கு அகலம் கொண்டது என்பது இதன் பொருள். ஹெல்வெட்டிகா எழுத்துருவில் ‘ஆர்’ 722, ‘ஏ’ 556, ‘வி’ 500, ‘ஐ’ 222 பங்கு அகலமுடையவை; கூட்டினால் சரியாக 2000 வருகிறது. ஆங்கிலத்தில் அதேபோல நான்கெழுத்துப் பெயரான ‘மணி’ 2167 பங்கு பிடிக்கும். அந்த இடத்தில் வரக்கூடியவர்கள் இன்னின்னார் என்ற பட்டியல் ஒருவர் கையில் இருந்தால், அகலத்தை ஒப்பிட்டே பெரும்பாலோரைக் கழித்துவிடலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, உண்மையாகவே எழுத்து நீக்கப்பட்ட ஆவணங்களிலும் இந்த அகலக் கசிவு இருப்பதைக் காட்டியது. ஒரே அகலத்தில் பல பெயர்கள் அமையலாம் என்பதால் இது எப்போதும் ஒரே விடையைத் தராது. ஆனால் பட்டியல் சிறியதாக இருந்தால் அபாயம் மிகும். பக்கத்தைப் படமாக மாற்றிவிட்டால் எழுத்துக் கட்டளைகள் போய்விடும் என்றாலும், பட்டையின் இருபுறமும் நிற்கும் சொற்களுக்கு இடைப்பட்ட தூரம் படத்திலும் அளக்கக்கூடியதே. துல்லியம் மட்டுமே குறையும்.

ஆகவே மூல ஆவணத்திலேயே, பிடிஎஃப் ஆக்குவதற்கு முன்பே, பெயரை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் ஒரே அகலமுள்ள ‘நீக்கப்பட்டது’ என்ற சொல்லை இடுவதே பாதுகாப்பானது. வரிகளும் புதிதாக மடிந்து, பழைய இடைவெளி மறைந்துவிடும். அனுப்புவதற்கு முன் சோதிக்க, pdftotext என்ற எழுத்தெடுக்கும் கருவி நிறுவப்பட்ட கணினியின் கட்டளைத் திரையில் `pdftotext kopu.pdf -` என்று தட்டினால் பக்கங்களிலுள்ள எழுத்தெல்லாம் கொட்டும். மறைத்த பெயர் அங்கே தலைகாட்டினால் அந்தக் கோப்பை அனுப்பக் கூடாது. ஸ்கேன் செய்த பக்கங்களுக்கும் இந்தச் சோதனை தேவை. தேடுவதற்கு வசதியாகப் படத்தோடு சேர்க்கப்படும், கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் படலத்தில், படத்தில் கறுப்பாக்கிய பெயர் இன்னும் இருக்கக்கூடும்.