கூடையில் விட்டுப்போன சேலைக்கு நள்ளிரவில் ஒரு மிரட்டல்

உசிலம்பட்டியைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, மதுரைக் கடை ஒன்றின் இணையதளத்தில் அரக்கு நிறச் சுங்குடிச் சேலையைத் தேர்ந்தெடுத்தார். சேலை 1,250 ரூபாய், கூரியர் 80 ரூபாய். மாலை ஏழரை மணிக்கு யுபிஐ வழியாக 1,330 ரூபாய் செலுத்தினார். வங்கிக் கணக்கில் பணம் குறைந்தது. ஆனால் கடையின் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. சேலை கூடையிலேயே கிடந்தது.

இரவு 11:10 மணிக்கு அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது: "மேடம், உங்கள் கூடை காத்திருக்கிறது! கடைசி 2 சேலைகள்தான்! 30 நிமிடங்களில் போய்விடும்!" மறுநாள் காலையில் இன்னொன்று வந்தது: "உங்களுக்காக மட்டும் 15% தள்ளுபடி!" பணத்தையும் எடுத்துக்கொண்டு, சேலையும் தராமல், மறுநாள் விலையையும் குறைத்தால் யாராக இருந்தாலும் மோசடி என்றுதானே நினைப்பார்கள்? அவருடைய தம்பி கடைக்குப் போன் செய்து சத்தம் போட்டார். அந்த நிறத்தில் அன்று கடையில் 14 சேலைகள் இருந்தன என்பது தனிக்கதை.

ஜவுளிக் கடைகளுக்கு இத்தகைய நினைவூட்டல்களை எழுதித் தருவதுதான் என் தொழில். இதே புகார் திரும்பத் திரும்ப வருவதால் இதை எழுதுகிறேன்.

கடை உரிமையாளர்களிடம் மாறாமல் இருக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: "விலை கட்டுப்படியாகவில்லை, அதனால்தான் விட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் வந்துவிடுவார்கள்." இது பெரும்பாலும் தவறு. சேலையின் விலையைப் பார்த்துத்தான் அவர் கூடையில் போட்டார். விலை பிடிக்காதவர் பெரும்பாலும் கூடை வரைக்கும் வருவதில்லை. அதற்குப் பிறகு நின்றுபோவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. கூரியர் செலவு கடைசிப் பக்கத்தில்தான் கண்ணில் பட்டிருக்கும். ஓடிபி வந்திருக்காது. அக்காவிடம் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டியிருக்கும். சம்பளம் வரட்டும் என்று எடுத்து வைத்திருப்பார். சுங்குடியைப் பொறுத்தவரை என்னிடம் வரும் கேள்விகள் இரண்டுதான்: ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா, சாயம் போகுமா? இவற்றில் எதற்கும் 15% தள்ளுபடி பதில் ஆகாது.

கணக்கையும் பாருங்கள். 1,250 ரூபாய்ச் சேலையின் கொள்முதல் 950 ரூபாய், பேக்கிங் 30 ரூபாய், பணப் பரிவர்த்தனைக் கட்டணம் சுமார் 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 245 ரூபாய். 15% குறைத்தால் விலை 1,062 ரூபாய் 50 காசு. பரிவர்த்தனைக் கட்டணமும் விலைக்கேற்பச் சுமார் 21 ரூபாயாக இறங்கும். கையில் நிற்பது 61 ரூபாய் சொச்சம். ஒரு சேலையில் கிடைத்த லாபத்தை எடுக்க நான்கு சேலைகள் விற்க வேண்டும். அந்த நால்வரில் சிலர் தள்ளுபடி இல்லாமலேயே வாங்கியிருப்பார்கள். இதைவிட மோசமானது, வாடிக்கையாளர் பழகிக்கொள்வது. கூடையில் போட்டுவிட்டு ஒரு நாள் சும்மா இருந்தால் விலை இறங்கும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை முழு விலைக்கு யார் வாங்குவார்கள்? முதல் செய்தியில் தள்ளுபடியே வேண்டாம்.

"கடைசி 2" என்பதற்கு வருகிறேன். உண்மையிலேயே இரண்டுதான் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடியில் ஒரு நிறம் தீர்ந்தால் அதே போல மறுபடி வருவது கடினம். வாங்குபவருக்கு அது தேவையான தகவல். பொய்யாகச் சொல்வது வேறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணைய வணிகத்தில் கூடாத 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றில் ஒன்று. வாங்காதவரைக் குற்ற உணர்ச்சிக்கு உள்ளாக்கும் வாசகங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. "உங்கள் கூடை அழுகிறது" என்று எழுதித் தரச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஆசிரியைக்குப் பணம் சிக்காமல் இருந்திருந்தால், அவருக்குப் போயிருக்க வேண்டிய செய்தி இதுதான்:

"வணக்கம். மதுரையிலிருந்து (கடையின் பெயர்). நீங்கள் எடுத்து வைத்த அரக்குச் சுங்குடிச் சேலை கூடையில் அப்படியே இருக்கிறது. சேலை 1,250 ரூபாய், உசிலம்பட்டிக்குக் கூரியர் 80 ரூபாய், மொத்தம் 1,330 ரூபாய். ரவிக்கைத் துணி இதில் சேராது. பணம் செலுத்துவதில் தடங்கல் இருந்தாலோ, வேறு ஏதேனும் கேட்க வேண்டும் என்றாலோ இதற்கே பதில் அனுப்புங்கள். நினைவூட்டல் தேவையில்லை என்றால் 'வேண்டாம்' என்று அனுப்பினால் போதும்."

அதன் கீழே ஒரே ஓர் இணைப்பு. அதைத் தொட்டால் அவருடைய கூடையே திறக்க வேண்டும். கடையின் முகப்புப் பக்கம் திறந்தால் அவர் மறுபடி தேடப் போவதில்லை. யார் அனுப்புகிறார்கள் என்பது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. மொத்தச் செலவு மறைக்கப்படவில்லை. ரவிக்கைத் துணி இல்லை என்று சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று பயப்படாதீர்கள். சொல்லாமல் விற்றால் சேலை திரும்பி வரும், கூரியர் செலவு இரண்டு மடங்காகும். பதிலுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் பதில் சொல்ல ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் ஒரே போனைப் பலர் பார்க்கிறார்கள். பூட்டிய திரையிலும் செய்தியின் முதல் வரி தெரியும். உள்ளாடையோ, அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மகள் ரகசியமாக எடுத்து வைத்த புடவையோ அந்த வரியில் தெரியக் கூடாது. சேலைக் கடையாக இருந்தாலும், பரிசு என்று குறித்திருந்தால் "நீங்கள் எடுத்து வைத்த பொருள்" என்று மட்டும் எழுதுங்கள்.

நேரம்: விட்டுப்போன மூன்று மணி நேரம் கழித்து முதல் செய்தி போகட்டும். அது இரவு எட்டு மணியைத் தாண்டினால் மறுநாள் காலை பத்து மணிக்கு அனுப்புங்கள். இரண்டு நாட்கள் கழித்து இன்னொன்று, அத்தோடு நிறுத்திவிடுங்கள். இவற்றை வாட்ஸ்அப் விளம்பரச் செய்தியாகத்தான் கணக்கிடுகிறது. அனுமதி தராதவருக்கு அனுப்பி, பலர் உங்கள் எண்ணைத் தடை செய்தால், அந்த எண்ணின் தரமதிப்பு இறங்கி, செய்தி அனுப்புவதே கட்டுப்படுத்தப்படலாம். முகவரிப் பக்கத்தில் பார்சலுக்காகக் கொடுத்த எண், நினைவூட்டலுக்கான அனுமதி ஆகாது. அதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். அதில் நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள்.

பணம் சிக்கிய கூடைக்கு இந்தச் செய்தி போகவே கூடாது. பணம் செலுத்த முயன்று முடிவு தெரியாமல் நிற்கும் கூடைகளை நினைவூட்டல் பட்டியலிலிருந்து தனியே பிரிக்கச் சொல்லி, உங்கள் இணையதளத்தைப் பராமரிப்பவரிடம் இன்றே கேளுங்கள். அந்த வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டியது: "உங்கள் பணம் 1,330 ரூபாய் எங்களுக்கு வந்ததா என்று சரிபார்க்கிறோம். மறுபடி செலுத்த வேண்டாம்." கடைக்கு உறுதிச் செய்தி வராத யுபிஐ பணம் 5 நாட்களுக்குள் தானாக வாடிக்கையாளர் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. இதையும் அதே செய்தியில் சொல்லலாம்.

பிரித்தாயிற்று என்று இணையதளத்தைப் பராமரிப்பவர் சொன்னதும் நம்பி விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருக்கும் வேறொரு எண்ணிலிருந்து ஒரு சேலையைக் கூடையில் போட்டு, பணம் செலுத்தும் பக்கம் வரை போய், யுபிஐ செயலி திறந்ததும் ரகசிய எண்ணைப் போடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் அந்தப் போனுக்கு எந்தச் செய்தி வருகிறது என்று பாருங்கள். பிறகு அதே சேலையைக் கடையில் நேரில் விற்றதாகப் பதிந்து, இருப்பு தீர்ந்த பிறகும் நினைவூட்டல் வருகிறதா என்றும் பாருங்கள்.